தொடர் போனஸ்

வாத்தி அந்த வினாடி வினா விளையாட்டை எழுதினது யார் வேலைக்கும் உலை வைக்க இல்லை. சத்தியமா இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கதையைக் கேட்ட பிறகு சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டீர்கள்.

வாஷிங் மெஷினும் ஃப்ரிட்ஜும் மக்கர் பண்ணினால் ஜனங்கள் போன் போட்டுத் திட்டுவதற்கென்று ஒரு அலுவலகம் இருக்குமே, அதில் அவனுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. போனில் திட்டு வாங்கும் ஆட்களுக்கு எந்தப் புகாருக்கு என்ன பதில் என்று சொல்லித்தர வேண்டும். அதனால்தான் வாத்தி. அவன் பாடம் எடுத்தால் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள், மீதிப் பேர் மேஜைக்கு அடியில் போனை நோண்டினார்கள். சரி, நோண்டுகிற போனிலேயே பாடத்தை வைக்கிறேன் என்று ஒரு ரோஷம் வந்து எழுதினதுதான் அந்த விளையாட்டு.

அதில் சூட்சுமம் பெரிசா ஒன்றும் கிடையாது. ஒரு எக்செல் ஃபைல். வரிசைக்கு ஒரு கேள்வி. முதல் நெடுவரிசையில் கேள்வி, அடுத்த நாலில் நாலு விடைகள், அதற்கடுத்ததில் சரியான விடை எத்தனையாவது என்று ஒரு எண், கடைசியில் எத்தனை நொடி அவகாசம் என்று. 'தொடங்கு' பொத்தானை அழுத்தினால் புரோகிராம் அந்த ஃபைலை ஒரே மூச்சில் படித்து வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். அப்புறம் கேள்விகளையும் விடைகளையும் கலைத்துப் போட்டு, ஒவ்வொன்றாகப் பெரிய திரையில் காட்டும். ஆட்கள் அவரவர் போனில் விடையைத் தட்ட வேண்டும். கேள்விக்கு ஆயிரம் புள்ளி. நொடி கரையக் கரைய அதுவும் கரையும். தொடர்ந்து சரியாகச் சொன்னால் தொடர் போனஸ், கூடவே திரையில் ஒரு தீ எரியும், ஊதல் ஊதும். ஒன்று தப்பினால் போச்சு, தீ அணைந்து தொடர் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு யார் முதல், யார் கடைசி என்று பட்டியல் ஏறி இறங்கும்.

அந்த ஊதல் சத்தத்தை வாத்தியே தேர்ந்தெடுத்தான். அதைக் கேட்டால் அவனுக்கு அப்படி ஒரு பூரிப்பு.

ஆட்களுக்கும் பிடித்துப்போனது. 'பட்டாசு' என்று பெயர் வாங்கியிருந்த பெண் ஒருத்தி, ஒவ்வொரு முறையும் முதலிடத்தை யாருக்கும் விடமாட்டாள். தோற்றவன் டீ வாங்கித்தர வேண்டும் என்று ஒரு வழக்கமும் வந்தது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கண் பட்டது மாதிரி, ஒரு நாள் மேனேஜரம்மா அதை எட்டிப் பார்த்தாள்.

மேலிடத்திலிருந்து மூணு சீட்டைக் குறைக்கச் சொல்லி அவளுக்கு உத்தரவு வந்திருந்தது. யார் அந்த மூணு பேர் என்று அவள் வாயால் சொல்ல அவளுக்கே மனசில்லை. மனசில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? மெஷின் தலையில் கட்டுவார்கள்.

"உன் விளையாட்டுதான் ஜட்ஜ். கடைசி மூணு இடத்துல வர்றவங்க போகட்டும். யாரும் என்னைப் பாரபட்சம்னு சொல்ல முடியாது பாரு" என்றாள்.

"மேடம், அது சும்மா விளையாட்டுக்கு..."

"ஏன், உன் மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

எங்கே தொட்டால் விழுவான் என்று அவளுக்குத் தெரியும். வாத்தி விழுந்தான்.

அங்கேதான் அத்தான் வருகிறார். வாத்தியின் அக்கா புருஷன். வீடு வீடாகப் போய் மெஷினைப் பிரித்து மேய்ந்த மெக்கானிக். முழங்கால் போனதும், மாடி ஏற முடியாத மெக்கானிக்கை எவன் வைத்துக்கொள்வான்? அக்கா அழுது, வாத்தி கெஞ்சி, இதே அலுவலகத்தில் போன் முன்னால் உட்கார வைத்திருந்தான். வேலை அத்துப்படி. போனில் சத்தத்தைக் கேட்டே, "பெல்ட் தேஞ்சிருக்கும்மா, மோட்டார் ஒண்ணும் ஆகல, பயப்படாதீங்க" என்பார். ஆனால் திரையையும் நொடியையும் கண்டால் மனுஷனுக்குக் கை நடுங்கும். விளையாட்டில் எப்போதும் கடைசி வரிசையில்தான் தொங்கிக்கொண்டிருப்பார். டீ வாங்கித் தந்தே அவர் சம்பளம் கரைகிறது என்று பட்டாசு கிண்டல் செய்வாள்.

விஷயம் தெரிந்ததும் அக்கா வாத்தியை வீட்டுக்குக் கூப்பிட்டாள். சாப்பாடு போட்டாள். தட்டைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே நின்றுகொண்டாள்.

"அவருக்கு இதைவிட்டா வேற போக்கிடம் இல்லடா. இந்தக் காலை வெச்சிக்கிட்டு எங்க போவார்? உன் விளையாட்டுதானே? நீ மனசு வெச்சா முடியும்."

"அக்கா, அதெப்படி..."

"கேள்வியெல்லாம் ஒரு ஃபைல்ல இருக்குன்னு நீதானே பெருமையடிச்சே? அதை அவருக்குக் குடு."

அத்தான் சோபாவில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். "வேணாம். அவனை எதுக்கு வம்புல மாட்டிவிடறே? வேலை எனக்குத் தெரியும், எப்படியாவது சமாளிச்சிடுவேன்" என்றார்.

"நீங்க சமாளிச்ச லட்சணம் தெரியாதா? சும்மா இருங்க."

அக்கா முன்னால் வாத்தி என்றைக்கு நிமிர்ந்து நின்றிருக்கிறான்? சாப்பிட்ட கையைக் கழுவின கையோடு போனை எடுத்து, அலுவலகத்தின் பகிர்வு ஃபோல்டரில் இருந்த ஃபைலை அத்தானுக்குத் திறந்துவிட்டான். அவசரத்தில் 'பார்க்க மட்டும்' என்று மாற்றவில்லை. திருத்தும் உரிமையோடு போயிற்று.

"ஒரு காப்பி எடுத்து வெச்சிக்கிட்டுப் படிங்க அத்தான். ஒரிஜினல்ல கை வெச்சிடாதீங்க."

"சரி மச்சான்" என்றார். காப்பி எடுப்பது எப்படி என்று கேட்கக் கூச்சம்.

போட்டியன்று சாப்பாட்டு ஹாலில் மேஜைகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். சுவரில் திரை. எல்லார் முகத்திலும் பேயறைந்த களை. மேனேஜரம்மா முன் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். வாத்தி லேப்டாப்பில் 'தொடங்கு' அழுத்தினான். கேள்விகள் ஏறிவிட்டன, பிழை இல்லை என்று பச்சையில் வந்தது. பிழை என்றால் என்ன, விடை எண் ஒன்றிலிருந்து நாலுக்குள் இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். அந்த எண் உண்மையா பொய்யா என்று அதற்கு என்ன தெரியும்? பாவம், மெஷின்.

முதல் கேள்வி எல்லாருக்கும் தெரிந்தது, சரியாகப் போனது. இரண்டாவது, துணி துவைக்கிற மெஷின் பாதியில் நின்று தண்ணீர் வெளியேறாமல் கிடந்தால் முதலில் எதைப் பார்க்கச் சொல்வது? பச்சைப்பிள்ளைக்கும் தெரியும், அடியில் இருக்கிற வடிகட்டி அடைத்திருக்கும். பட்டாசு கண் இமைக்கிறதுக்குள் தட்டினாள். நேரம் முடிந்தது. திரையில் பச்சையாக மின்னினது வடிகட்டி இல்லை. 'கதவு ரப்பரை மாற்றவும்.'

"யோவ் வாத்தி, என்னய்யா இது?" என்றாள் பட்டாசு.

"அடுத்த கேள்வி வருது, பேசாதீங்க" என்றாள் மேனேஜரம்மா.

பட்டியல் வந்தது. எல்லாரும் சறுக்கியிருந்தார்கள், ஒரே ஒருத்தரைத் தவிர. அத்தான் முதலிடத்தில் இருந்தார். மூன்றாவது கேள்வியிலும் அதே கூத்து. அத்தான் பேருக்குப் பக்கத்தில் தீ பற்றியது. ஊதல் ஊதியது. தொடர் போனஸ்.

வாத்தி ஹாலுக்குக் காட்டாமல் லேப்டாப்பில் இன்னொரு ஜன்னலில் ஃபைலைத் திறந்தான். விடை நெடுவரிசையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மேலே வரிசையாக ஒன்று, ஒன்று, ஒன்று. அப்புறம் இரண்டு இரண்டாக. அப்புறம் மூன்று. படிக்கட்டு கட்டினாற்போல எண்கள் அடுக்கி நின்றன. விடை வாரியாகப் பிரித்துப் படித்தால் மனசில் நிற்கும் என்று யாரோ அந்த ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து நகர்த்தவா, இது மட்டும் போதுமா என்று எக்செல் கேட்டிருக்கும். இது மட்டும் போதும் என்று அழுத்தியிருக்கிறார்கள். கேள்விகள் இருந்த இடத்திலேயே இருக்க, விடை எண்கள் மட்டும் இடம் மாறிவிட்டன. ஃபைல் தன்னால் சேமித்துக்கொண்டது. கடைசியாகத் தொட்டவர் யார் என்று ஓரத்தில் அத்தான் பேர் இருந்தது.

இப்போது ஃபைலைச் சரிசெய்து பிரயோஜனம் இல்லை. புரோகிராம் எப்போதோ படித்து முடித்துவிட்டது. 'நிறுத்து' பொத்தான் ஒன்று இருந்தது. விரல் அதன் மேல் போனது. போய் அங்கேயே நின்றது.

நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஃபைல் எப்படி அத்தானிடம் போனது என்று கேட்பார்கள். நிறுத்தாவிட்டால்? அத்தான் முதலிடத்தில் இருக்கிறார். அக்கா கேட்டது அதுதானே? நடக்கிறபடி நடக்கட்டும், கெட்டதிலும் ஒரு நல்லது என்று அந்த மூளை கணக்குப் போட்டது. தப்பாக யாரோ மூணு பேர் போவார்களே என்ற நினைப்பு வந்ததா? வந்தது. வந்த வழியே போய்விட்டது.

இதற்குள் நாலாவதும் அப்படியே போய், ஐந்தாவது கேள்வி வந்தது.

'மெஷினைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று வாடிக்கையாளர் சொல்கிறார். முதலில் என்ன சொல்வீர்கள்?'

இந்தக் கேள்வியை வாத்தி ஒவ்வொரு பயிற்சியிலும் மேஜையைத் தட்டிச் சொல்லித்தந்தவன். மெஷினைத் தொடாதீர்கள், மெயினை அணையுங்கள். ஹாலே தட்டியது. நேரப்பட்டை சுருங்கிச் சுருங்கிச் சிவப்பானது. அத்தான் மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு தட்டாமல் இருந்தார். தலையைத் தூக்கி வாத்தியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். கடைசி நொடியில் தட்டினார்.

திரையில் பச்சையாக வந்தது: 'வெந்நீர் விட்டு ஒருமுறை காலியாக ஓட்டிப் பாருங்கள்.'

 அப்புறம் அந்தப் பாழாய்ப்போன ஊதல் ஊதியது. அத்தான் பேர் பக்கத்தில் தீ கொழுந்துவிட்டு எரிந்தது.

பட்டாசு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "ஆளைக் கொல்ற பதிலைச் சரிங்குது உன் மெஷின்! இதுக்காய்யா என் வேலை போகணும்? அதெப்படி இந்தாளுக்கு மட்டும் இந்தக் கேடுகெட்ட பதிலெல்லாம் தெரியுது? கேளுங்க மேடம்!"

"விளையாட்டை நிறுத்து" என்றாள் மேனேஜரம்மா. எழுந்து வந்து மேஜையில் கை ஊன்றி, வாத்தி முகத்துக்கு நேராகக் குனிந்தாள். "விடை தப்பா இருக்கு. தப்பான விடை ஒருத்தருக்கு மட்டும் மனப்பாடமா இருக்கு. என்னடா நடக்குது? இந்த ஃபைல் யார் கையில எல்லாம் இருக்கு?"

ஹால் முழுக்க அவனையே பார்த்தது. அத்தானும் பார்த்தார். அந்த முகத்தில் பயம்கூட இல்லை, மச்சான் ஏதாவது செய்வான் என்கிற நம்பிக்கைதான் இருந்தது.

வாத்தி செய்தான்.

"நான்தான் மேடம் வேணும்னே மாத்தி வெச்சேன்."

குரல் நடுங்கவே இல்லை. அதுதான் அவனுக்கே ஆச்சரியம்.

"ஃபைல் வெளிய போயிருக்குமோன்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு. அதான் பொறி வெச்சேன். வேலை தெரிஞ்சவன் எவனும் இந்தப் பதிலைத் தொட மாட்டான். திருடிப் படிச்சவன் மட்டும்தான் தொடுவான். இப்போ தெரிஞ்சிடுச்சில்ல? சரியான ஃபைல் பழைய பதிப்புல பத்திரமா இருக்கு." லேப்டாப்பைத் திருப்பி, ஓரத்தில் இருந்த பேரை மட்டும் விரலால் காட்டினான். "பாருங்க, திறந்தது யாருன்னு."

மேனேஜரம்மா அந்தப் பேரைப் படித்தாள். "உங்க அக்கா வீட்டுக்காரர்தானே?"

"ஆமா மேடம். வீட்டுக்கு வந்து போற உறவு. என் போனை எப்ப எடுத்தார்னு எனக்கே தெரியல. சொந்தம்னு பாத்தா நியாயம் என்ன ஆகும்?"

அடேயப்பா! நாக்கா அது?

மேனேஜரம்மா நிமிர்ந்தாள். அவள் அவனைப் பார்த்த பார்வையில் இதுவரை இல்லாத மரியாதை இருந்தது. அத்தான் பக்கம் திரும்பினாள். "எடுத்தீங்களா?"

அத்தான் எழுந்து நிற்கவே நேரமானது. முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். வாத்தியைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால், வாத்தியும் சேர்ந்து காலி. அவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"ஆமா மேடம்" என்றார். "அவனுக்குத் தெரியாமத்தான் எடுத்தேன்."

"இந்த வயசுல வெக்கமா இல்ல?" என்றாள் பட்டாசு. யாரோ சிரித்தார்கள். இத்தனை நாள் அவர் வாங்கித்தந்த டீயைக் குடித்தவர்கள்தான்.

"பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க" என்றாள் மேனேஜரம்மா.

அவர் நடந்து வாசலைத் தாண்டுகிற வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. வாத்தி ஃபைலின் பழைய பதிப்பை மீட்டு, மறுபடி 'தொடங்கு' அழுத்தினான். ஒரு ஆள் போய்விட்டதால் இனி கழிக்க வேண்டியது ரெண்டே பேர்தான் என்று ஹாலுக்குள் ஒரு தெம்பு வந்திருந்தது. தண்ணீர் கேள்விக்கு வடிகட்டி பச்சையாக மின்னியது. பட்டாசு பேர் பக்கத்தில் தீ எரிந்தது. கைகூடத் தட்டினார்கள்.

முடிந்ததும் மேனேஜரம்மா அவன் தோளைத் தட்டினாள். "பொறி வெச்சே பாரு, அது மூளை. எல்லாக் கிளைக்கும் இதை அனுப்பலாம்னு மேல சொல்லப்போறேன். நீயே போய் நடத்திக் குடு." வாத்தி பல்லைக் காட்டினான். வேறென்ன செய்வான்?

வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தால், அத்தான் அவன் வண்டிக்குப் பக்கத்தில் குட்டை மதில்மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் பை. வாத்திக்குத் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது.

"அத்தான், நான்... வேற வழி தெரியல அத்தான். ரெண்டு பேரும் போயிருப்போம்."

"தெரியும். ரெண்டு பேரும் போனா உங்க அக்காவை யார் பாக்கறது? விடு." பையின் பட்டையைத் தடவினார். "ஆனா மச்சான், ஒண்ணு சொல்லணும். வடிகட்டின்னு எனக்குத் தெரியாதா? எத்தனை மெஷின்ல கைய விட்டுச் சுத்தம் பண்ணியிருப்பேன்! உன் ஃபைல்ல வேற மாதிரி இருந்துச்சு. கம்பெனியில புதுசா மாத்தியிருப்பாங்க போல, நீ எழுதினா தப்பா இருக்குமான்னு, தெரிஞ்சதையெல்லாம் அழிச்சிட்டு அதையே உருப்போட்டேன். அந்த ஷாக் கேள்விக்கு மட்டும் கையே போகல. அதையும் உன்னை நம்பித்தான் அழுத்தினேன்."

வாத்தி வண்டிச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஃபைலைத் தராமல் இருந்திருந்தால், கை நடுங்கினாலும் தட்டுத்தடுமாறி இந்த மனுஷன் தப்பித்திருப்பார். அந்த வரிசையைக் கலைத்தது அவர் கைதான் என்பதுகூட இன்னும் அவருக்குத் தெரியாது. நிஜமாகவே மச்சான் பொறி வைத்தான் என்றே நம்பிக்கொண்டிருந்தார். அப்படி இல்லை அத்தான், அது தற்செயல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் மாற்றினார்கள் என்று கேட்பார், பொறி பொய் என்று ஆகும், அது எங்காவது போய்ச் சேரும். வாத்தி வாயை மூடிக்கொண்டான்.

"அந்த ஷாக் பதிலைச் சரிபண்ணிட்டியா?" என்று கேட்டார் அத்தான். "பாத்தவங்க யாராவது அதுதான் சரின்னு நினைச்சு போன்ல சொல்லித் தொலைக்கப் போறாங்க."

"பண்ணிட்டேன் அத்தான்."

"அது போதும்." எழுந்து நொண்டிக்கொண்டே பஸ் நிறுத்தம் பக்கம் போனார். வண்டியில் ஏறுங்கள் என்று வாத்தி கூப்பிடவில்லை. யாராவது பார்த்துவிட்டால்?

பொழுது சாயும் நேரத்தில் அக்கா போன் பண்ணினாள். வாத்தி தயங்கித்தான் எடுத்தான். எல்லாம் சொல்லியிருப்பார், இன்றோடு அக்கா உறவும் அறுந்தது என்று நினைத்துக்கொண்டான். அக்கா அழுதுகொண்டிருந்தாள். ஆனால் அழுகை வேறு திசையில் இருந்தது.

"கடைசி இடத்துல வந்துட்டாராம்டா. கேவலம்! நீ உன் வேலையைப் பணயம் வெச்சு ஃபைலைக் குடுத்தே, அந்த மனுஷன் திறந்துகூடப் பாக்கலையாம். தூக்கம் வந்துடுச்சு, படுத்துட்டேன்னு சொல்றார். கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா? நீ எவ்வளவோ கைகொடுத்தியாம், தப்பு முழுக்கத் தன்னோடதுதானாம். சொல்லிட்டு மரம் மாதிரி உட்கார்ந்திருக்கார். இப்படி ஒரு சோம்பேறிக்கு வாக்கப்பட்டேனே! நீயே சொல்லு, ஒருவாட்டி படிச்சிருந்தா ஆகியிருக்குமில்ல?"

பின்னால் அத்தான் மெதுவாக இருமுவது கேட்டது. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது. அங்கே மேனேஜரம்மா இல்லை, போகிற வேலை இல்லை. கேட்பது கூடப்பிறந்த அக்கா. வாத்தி தொண்டையைச் செருமினான்.

"ஆமாக்கா" என்றான். "கொஞ்சம் படிச்சிருக்கலாம்."